ஓட்டமும் நடையும் கலந்த பயிற்சி: 78 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 13 வாரத் திட்டம்

கேள்வி: பெண், வயது 36, எடை 78 கிலோ, உயரம் 158 செ.மீ. போன வருடம் கொழுப்பைக் குறைக்க வாரத்தில் ஆறு நாள் தினமும் 20 நிமிடம் ஓட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து நிறுத்திவிட்டேன். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. இந்த முறை ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யலாம் என்றிருக்கிறேன். எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எப்போது கூட்ட வேண்டும்?

பதில்:

எண்களுக்கு வருவதற்கு முன், சென்ற ஆண்டு உங்கள் காலில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு எண்ணும் அதிலிருந்துதான் வருகிறது.

ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 முறை உங்கள் பாதங்கள் தரையில் விழுகின்றன. நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஆகவே காலின் மேல் விழும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஓட்டத்திலோ இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பி மீண்டும் இறங்குவதால், ஒவ்வோர் அடியிலும் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுகிறது. உங்கள் எடைக்கு அது 156 கிலோவுக்குக் குறையாது. தினம் 20 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்றால் ஏறத்தாழ 19,000 அடிகள். நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய எலும்புக்கு முதல் வாரத்திலேயே இவ்வளவையும் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்போது உங்களுக்கு மூச்சு பெரிய தடையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். முதல் வாரம் இரைத்திருக்கும். இரண்டாம் வாரம் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். புதிதாக ஓடுபவர்களை ஏமாற்றும் இடம் இதுதான். இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக் கணக்கில் ஆகும். எலும்பு புதிய சுமையை உணர்ந்ததும் முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, அதன் பிறகே புதிதாகக் கட்டுகிறது. ஆகவே ஓடத் தொடங்கிய மூன்றாம், நான்காம் வாரத்தில், அதாவது 'இப்போது நன்றாக ஓட வருகிறது' என்று நாம் மகிழும் அதே நேரத்தில், கணைக்கால் எலும்பு பழையதைவிடச் சற்று பலவீனமான நிலையில் இருக்கலாம். உங்களுக்கு வலி மூன்றாம் வாரத்தில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே இந்த முறை எவ்வளவு ஓடுவது என்பதை உங்கள் மூச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. எலும்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டத்துக்கு நடுவே நடையைச் சேர்ப்பது களைப்பைப் போக்குவதற்காக மட்டும் அல்ல. ஓட்ட அடிகளின் எண்ணிக்கையை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டே பயிற்சி நேரத்தை 40 நிமிடம் வரை நீட்ட அதுதான் வழி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, 1974 முதல் புதியவர்களுக்கு இம்முறையைக் கற்பித்துப் பரப்பினார். களைத்த பிறகு நடக்காதீர்கள், முதல் நிமிடத்திலிருந்தே திட்டமிட்டு நடங்கள் என்பதுதான் அவர் முறையின் உயிர்நாடி. கால் தளர்ந்த பிறகு நடைக்கு மாறினால், தளர்ந்த காலோடு ஓடிய கடைசி இரண்டு நிமிடங்களின் சேதம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் வெறும் நடை மட்டும் போதும். வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடத்தில் தொடங்கி 45 நிமிடம் வரை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தின் முடிவில் ஒரு சோதனை. தரையில் உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பை, கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் தள்ளித் தொடங்கி முழங்கால் நோக்கி, கட்டைவிரலால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, எங்காவது 'ஆ' என்று சொல்ல வைக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்று பத்து முறை மெதுவாகக் குதியுங்கள். 45 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிகிறது, அழுத்தினாலும் குதித்தாலும் வலிக்கவில்லை என்றால் ஓடத் தொடங்கலாம். பழைய இடம் இன்னும் நோகிறது என்றால் நடையைத் தொடர்ந்துகொண்டே எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிடுங்கள்.

இனித் திட்டம். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓட்டம், எந்த இரண்டு ஓட்ட நாளும் அடுத்தடுத்து வரக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாயும் சனியும் 45 நிமிட நடை. வியாழனும் ஞாயிறும் ஓய்வு. ஓட்ட நாள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியும். நடுவில் 30 நிமிடம் மாற்றி மாற்றி வரும். இந்த மொத்த 40 நிமிடத்தை 13 வாரமும் மாற்றவே போவதில்லை. மாறுவது உள்ளே இருக்கும் பங்கீடு மட்டுமே.

முதல் மூன்று வாரமும் 30 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இப்படிப் பதினைந்து சுற்று. கூட்டிப் பார்த்தால் ஏழரை நிமிடம்தான் ஓடுகிறீர்கள். வாரம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 3,600 ஓட்ட அடிகள். சென்ற ஆண்டின் ஐந்தில் ஒரு பங்குதான். இது மிகச் சுலபமாகத் தெரியும், சுலபமாகத் தெரிய வேண்டும். நான்காம் வாரம் எதையும் கூட்டாமல், ஓட்ட நாளை இரண்டாகக் குறைத்து, மூன்றாவது நாளை நடையாக மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன எலும்பின் பலவீனமான காலத்துக்காகவே இந்த வாரம் வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று இதைத் தாண்டிவிடாதீர்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் 45 விநாடி ஓட்டம், 75 விநாடி நடை. ஏழாம், எட்டாம் வாரங்களில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இரண்டிலும் பதினைந்து சுற்றுதான். ஒன்பதாம் வாரம் நான்காம் வாரத்தைப் போல இரண்டே ஓட்ட நாள். பத்தாம், பதினோராம் வாரங்களில் 90 விநாடி ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாகப் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு, பதின்மூன்றாம் வாரங்களில் இரண்டு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாகப் பத்துச் சுற்று. அங்கே மொத்த ஓட்டம் 20 நிமிடம் ஆகிறது. சென்ற ஆண்டு முதல் நாளில் தொடங்கிய இடத்துக்கு இந்த முறை மூன்று மாதம் கழித்து, அதுவும் பத்துத் துண்டுகளாக, வந்து சேர்கிறீர்கள்.

'இவ்வளவு குறைவாக ஓடினால் கொழுப்பு எப்படிக் கரையும்?' என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். உங்கள் எடைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் பங்கைக் கழித்த பின், ஒரு கலோரிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். வேக நடையில் ஏறத்தாழ அதில் பாதிக்குச் சற்று மேல். மணிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓட்டம், ஐந்தரை கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால், முதல் வாரத்தின் ஒரு நாள் பயிற்சிக்கு ஓட்டத்தில் 70, நடையில் 130, ஆக 200 கலோரி. பதின்மூன்றாம் வாரத்தில் ஓட்டத்தில் 185, நடையில் 80, ஆக 265 கலோரி. ஓட்ட நேரம் ஏழரை நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக உயர்ந்தும் கூடுதலாகக் கிடைப்பது 65 கலோரி. ஓர் இட்லியில் இருப்பதைவிடச் சற்றே அதிகம்.

இந்தக் கணக்கை நான் பழக்கிவிடும் ஒவ்வொருவரிடமும் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். ஓர் இட்லிக்காக யாரும் கால் எலும்பைப் பணயம் வைக்க மாட்டார்கள். அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டுவதால் கொழுப்புக் கணக்கில் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். வலி வந்து ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டால் போவதோ வாரத்துக்கு 950 கலோரி: மூன்று ஓட்ட நாளில் 600, இரண்டு நடை நாளில் 350.

அப்படியானால் நடை மட்டும் போதாதா என்று கேட்டால், எடைக்கு மட்டும் என்றால் நடையும் போதும். நேரம் அதிகமாகத் தேவைப்படும். ஒரே நிமிடத்தில் ஓட்டம் நடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கிறது. இதயத்தின் திறனையும் நடையைவிட வேகமாக உயர்த்துகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேறுபாடு கைகொடுக்கும். அதுவரை கால் தாங்க வேண்டும் என்பதற்காகவே இந்த 13 வாரம்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வாரம் 950 என்றால் ஒரு கிலோ குறைய எட்டு வாரம் ஆகும். ஆகவே மீதியைத் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தினம் 300 கலோரி குறைத்தால் போதும்: மதியச் சோற்றில் 150 கிராம் குறைப்பது ஏறத்தாழ 200; காலை, மாலைத் தேநீரில் மொத்தம் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை விடுவது ஏறத்தாழ 80. பயிற்சியும் இந்த உணவுக் குறைப்பும் சேர்ந்தால் காகிதக் கணக்கில் வாரத்துக்கு 400 கிராம் குறையும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஏனென்றால் பயிற்சி செய்த நாளில் நம்மை அறியாமலேயே மற்ற நேரங்களில் குறைவாக நடமாடுவோம், சற்றுக் கூடுதலாகச் சாப்பிடவும் செய்வோம். 13 வாரத்தில் மூன்று முதல் ஐந்து கிலோ என்று எதிர்பாருங்கள்.

இதற்கு மேல் வேகமாகக் குறைக்க வேண்டும் என்று இரவு உணவை அடியோடு நிறுத்துவது, ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது போன்றவற்றை ஓட்டத்தோடு சேர்க்கவே கூடாது. போதிய உணவு இல்லாத உடல் எலும்பைக் கட்டும் வேலையைத்தான் முதலில் தள்ளிப்போடும் வேலைகளில் ஒன்றாக வைக்கிறது. குறிப்பாகப் பெண்களுக்கு, உணவைக் குறைத்து ஓடும் காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ எலும்புக்கு ஆபத்து வருகிறது என்பதன் முன்னறிவிப்பு. அப்படி நடந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சோற்றைக் குறைக்கும் அதே கையோடு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ ஒரு வேளையில் வழக்கமான பலகாரத்துக்குப் பதிலாகச் சேர்த்துக்கொண்டால், குறையும் எடையில் தசையின் பங்கு குறைவாக இருக்கும்.

ஓட்டத்தின் வேகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 30 விநாடிதானே என்று பாய்ந்து ஓடிவிடுகிறார்கள். ஓடும் வேளையிலும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லி முடிக்க வேண்டும். பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் சரி. அடிகளைக் குறுக்கி, சற்று அடிக்கடி வையுங்கள். காலை நீட்டி எட்டி வைக்கும்போது குதிகால் உடலுக்கு வெகு முன்னால் போய் மோதி, முழங்காலும் கணைக்காலும் அந்த அதிர்ச்சியை வாங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் இயல்பாக வரும் எண்ணிக்கையைவிட நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து விழுக்காடு அடிகளைக் கூட்டினாலே முழங்காலின் மேல் விழும் சுமை குறைகிறது என்பது ஆய்வுகளில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அதை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. காதைத் தீட்டிக்கொண்டால் போதும். பள்ளி மைதானத்தில் விடியற்காலையில் ஒருவர் ஓடி வந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே 'தொப், தொப்' என்று ஷூ விழும் ஓசை எனக்குக் கேட்கும். "சத்தம் வராமல் ஓடிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். இரண்டே சுற்றில் அடி குறுகி, முழங்கால் சற்று மடங்கி, ஓசை பாதியாகிவிடும்.

இயன்றால் மண் தரையில் ஓடுங்கள். தார்ச்சாலைதான் கிடைக்கும் என்றால் அதன் ஓரச் சரிவில் எப்போதும் ஒரே திசையில் ஓடாதீர்கள், ஒரு கால் தினமும் பள்ளத்திலேயே விழும். ஷூ விலையைவிட, கடைக்குள் நாலு நடை ஓடிப் பார்த்தபோது எங்கும் உறுத்தவில்லை, பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறது என்பதே முக்கியம். வெயில் ஏறிய பிறகு அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும் என்பதால் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. புழுக்கமான நாளில் வாக்கியம் திணறினால் அன்று முந்தைய கட்டத்தின் பங்கீட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

செவ்வாயும் சனியும் நடை முடிந்ததும் மாடிப்படியில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குவது: முழங்காலை நேராக வைத்துப் பதினைந்து, சற்று மடக்கி வைத்துப் பதினைந்து, இப்படி மூன்று தடவை. முதலில் இரண்டு காலாலும், எளிதாக வந்ததும் ஒற்றைக் காலாலும் செய்யலாம். மடக்கிச் செய்யும்போது கெண்டைக்காலின் அடியாழத்தில் இருக்கும் தசை வேலை செய்கிறது. ஓட்டத்தில் கணைக்கால் எலும்பு வளையாமல் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்களைப் போல எலும்பு ஓரத்தில் வலி வந்தவர்கள் விடக் கூடாத பயிற்சி இது.

அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதைக் காலண்டரிடம் மட்டும் கேட்காதீர்கள். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாவிட்டால் காயம் வராது என்று பலரும் சொல்வார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, பத்து விழுக்காட்டு விதிப்படி மெல்லக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான எட்டு வாரத் திட்டத்தில் ஓடியவர்களுக்கும் ஒரே அளவில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, காயம் ஏற்பட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரு விழுக்காடு யாரையும் காப்பாற்றாது. நான் நம்புவது மறுநாள் காலையை. ஓடிய மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளில் குதிகாலோ கணைக்காலோ முழங்காலோ என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். கெண்டைக்காலிலும் தொடையிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் பிடிப்பு வெறும் தசைவலி. நடக்க நடக்கப் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், இரண்டு ஓட்ட நாள் தொடர்ந்து வலித்தால் கட்டத்தைக் கூட்டாமல் முந்தையதற்குத் திரும்புங்கள். ஒரு கட்டத்தை நான்கு வாரம் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

எலும்பு வலியில் இரண்டு வகையைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். ஷின் ஸ்ப்ளின்ட் என்று சொல்லப்படுவது உள்பக்க விளிம்பில் ஒரு கையகல நீளத்துக்குப் பரவலாக நோகும். ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியதும் குறையும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சென்ற ஆண்டு வந்தது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாத அளவில் நடையைத் தொடர்ந்து, அழுத்தினால் நோகாத நிலை வந்ததும் முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம். மற்றது மயிரிழை விரிசல். அது ஒரே புள்ளியில், ஒற்றை விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடியதாக வலிக்கும்; ஓட ஓடக் குறையாமல் கூடும்; ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று குத்தும்; முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். இந்த வகை என்று சந்தேகம் வந்தாலே அன்றைய சுற்றைக்கூட முடிக்காமல் நிறுத்தி, நேராக எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போவது உண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து மறுபடி ஓடிவிடாதீர்கள், அந்தப் புள்ளி வலி தொடர்ந்தால் மறுபடி போய்ச் சொல்லுங்கள்.

எடையை வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் முள் அசையாமல் நிற்கலாம், சற்று ஏறவும் செய்யலாம். புதிய பயிற்சியால் தசைகள் நீரைப் பிடித்து வைப்பதுதான் காரணம். அந்த நாட்களில் தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பால் எடுக்கும் இடுப்பளவு உண்மையை முன்னதாகச் சொல்லும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் அளவு அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இன்றே எழுதி வையுங்கள்.

13 வாரம் முடிந்ததும் இடைவிடாமல் ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்ற பங்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் 30 நிமிடத்தை 33, 36 என்று இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக நீட்டுங்கள். 45 நிமிடம் வந்ததும் எழுதுங்கள். அப்போது உங்கள் எடையும் மறுநாள் காலையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மூன்று நிமிட ஓட்டத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்வோம்.